ரெம்ப்ராண்ட் ஓவியத்தில் ஏழாவது ஆளாக ஒரு டெனிம் சட்டைக்காரர்: எந்த வழியில் நுழைப்பது?

பழைய எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்றுக்குள் இன்றைய மனிதர் ஒருவரைக் கொண்டுபோய் நிறுத்த நான்கு வழிகள் இருக்கின்றன. புகைப்படத்தை வெட்டி ஒட்டி நிறம் சரிசெய்யலாம். ஒட்டியதை ஃபில்டரிடமோ, படம் உருவாக்கும் ஏஐ மாடலிடமோ கொடுத்து ஓவியமாக மாற்றலாம். புகைப்படத்தை அடியில் வைத்துக்கொண்டு அதன் மேல் டிஜிட்டல் தூரிகையால் கையாலேயே வரையலாம். அல்லது அந்த ஆளை நிஜமான எண்ணெய் வண்ணத்தில் தனியாக வரைந்து, அதைப் படம் எடுத்து உள்ளே சேர்க்கலாம். எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. எந்த ஓவியம், ஆள் எங்கே நிற்கப்போகிறார், முடிந்த படத்தை எந்த அளவில் பார்க்கப்போகிறார்கள் என்ற மூன்றும் தெரிந்தால்தான் ஒப்பிட முடியும். அதனால் ஒரே ஓவியத்தை எடுத்துக்கொண்டு நான்கையும் அதில் வைத்துப் பார்க்கலாம்.

ஓவியம், ரெம்ப்ராண்ட் 1662-இல் வரைந்த ஆம்ஸ்டர்டாம் துணி வணிகர் சங்கத்துத் தரப் பரிசோதகர்களின் குழுப்படம். ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது, உயரம் 191.5 செ.மீ., அகலம் 279 செ.மீ. சிவப்புக் கம்பளம் விரித்த மேசையைச் சுற்றி கறுப்பு உடையும் கறுப்புத் தொப்பியும் அணிந்த ஐந்து பேர், அவர்களுக்குப் பின்னால் தொப்பி இல்லாமல் ஒரு பணியாள், பின்புறம் மரப்பலகைச் சுவர். ரெம்ப்ராண்ட் காலமாகி மூன்றரை நூற்றாண்டு ஆகிவிட்டதால் ஓவியத்துக்குக் காப்புரிமைச் சிக்கல் இல்லை. அருங்காட்சியகமே பெரிய அளவுப் படத்தை இலவசமாகத் தருகிறது.

நம் ஆள் டெனிம் சட்டையும் கண்ணாடியும் அணிந்தவர் என்று வைத்துக்கொள்வோம். அவரைப் பணியாளுக்கு வலப்பக்கம், உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பின்னால், சுவரை ஒட்டி நிறுத்தலாம். அங்கே நிறுத்தினால் முன்னால் இருப்பவர்களின் தொப்பிகளும் தோள்களும் அவருடைய இடுப்பையும் கைகளையும் மறைத்துவிடும். தலை, கழுத்து, தோள், கொஞ்சம் மார்பு மட்டும் வரைந்தால் போதும். கையை ஒப்பேற்றுவது முகத்தைவிடக் கஷ்டம் என்பதால் இது சின்ன லாபம் இல்லை. இன்னொரு வசதி, அதே ஆழத்தில் அதே வெளிச்சத்தில் பணியாளின் முகம் பக்கத்திலேயே இருக்கிறது. நாம் செய்யும் எல்லாவற்றுக்கும் அதுவே அளவுகோல். (தொப்பி இல்லாமல் அங்கே நிற்பவரை 1662-ஆம் ஆண்டுக்காரர் பார்த்தால் இன்னொரு பணியாள் என்றுதான் நினைப்பார். நம் ஆளுக்கு அதில் வருத்தம் இருந்தால் தொப்பி வாங்கிக்கொள்ளலாம்.)

எந்த அளவில் பார்க்கப்போகிறார்கள்

இதை முதலில் கணக்குப் போட்டுவிட்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும். படத்தை 5,580 பிக்சல் அகலத்துக்கு வைத்துக்கொண்டால், நிஜ ஓவியத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 20 பிக்சல் கிடைக்கும். முகங்கள் ஏறக்குறைய நிஜ அளவிலேயே இருப்பதால், ஒரு முகம் சுமார் 400 பிக்சல் உயரம் வரும். அரை சென்டிமீட்டர் அகலமான ஒரு தூரிகைத் தடம் 10 பிக்சல்.

இதே படம் கைப்பேசித் திரையில் ஆயிரத்துச் சொச்சம் பிக்சல் அகலத்துக்குச் சுருங்கும்போது முகம் 80 பிக்சல் ஆகிவிடும், அந்தத் தடம் 2 பிக்சல். அதாவது கண்ணுக்கே தெரியாது. அந்த அளவில் தூரிகை வேலைக்காக மணிக்கணக்கில் உட்காருவது வீண். ஒளியும் நிறமும் சரியாக இருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. மாறாக ஒரு மீட்டர் அகலத்துக்கு அச்சடித்துச் சுவரில் மாட்டப்போகிறீர்கள் என்றால் அதே தடம் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர். ஒரு கை தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு அது நன்றாகத் தெரியும். ஒட்டப்பட்ட ஆளின் முகத்தில் மட்டும் அது இல்லை என்பதும் தெரியும்.

நான்கு வழிக்கும் பொதுவான புகைப்படம்

எந்த வழியில் போனாலும் தொடக்கம் ஒரு புகைப்படம்தான். அது தவறாக எடுக்கப்பட்டிருந்தால் நான்கு வழியும் தோற்கும். நிறத்தைப் பிறகு மாற்றலாம், தடத்தைப் பிறகு சேர்க்கலாம். மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்பதைப் பிறகு மாற்றுவது, முகத்தையே புதிதாக வரைவதற்குச் சமம்.

இந்த ஓவியத்தில் வெளிச்சம் இடப்பக்கம் மேலிருந்து வருகிறது. ஒரே மூலம், பெரிய ஜன்னல் மாதிரி மென்மையானது. அதனால் ஆளை ஒரு ஜன்னலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, வெளிச்சம் பார்ப்பவரின் இடமிருந்து, முகத்துக்குச் சற்று முன்னால், தலைக்கு மேலிருந்து வரும்படி வைக்க வேண்டும். ஜன்னலின் கீழ்ப்பாதியை மறைத்துவிட்டால் மேலிருந்து வரும் உணர்வு கிடைக்கும். அறையில் வேறு விளக்கு எதுவும் எரியக் கூடாது.

பலர் இங்கே சறுக்குவது மறுபக்கத்தில். அறையின் வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் நிழல் பக்கத்துக்கு ஒரு வெளிறிய, நீலம் கலந்த நிறத்தைத் தரும். ரெம்ப்ராண்ட்டின் நிழல்களில் அந்த நீலம் கிடையாது. அவர் வெறும் வெள்ளைத் துணியின் மேல் வரையவில்லை. முதலில் பூசிய பழுப்பு அடித்தளத்தின் மேல் வரைந்தார், நிழல் இருக்கும் இடங்களில் வண்ணத்தை மெல்லியதாகவே விட்டார். அதனால் நிழல் எல்லாமே பழுப்புச் சூட்டோடு இருக்கும். இதற்கு எளிய வழி, ஆளின் வலப்பக்கம் ஒரு மீட்டர் தள்ளி ஒரு பழுப்புத் துணியைத் தொங்கவிடுவது. வெள்ளை எதிரொளி தடைபடும், கொஞ்சம் பழுப்பு நிழலுக்குள் ஏறும். கறுப்புத் துணியும் வெள்ளையை மறைக்கும், ஆனால் நிழல் அடியோடு செத்துப்போகும்.

கேமராவின் உயரமும் முக்கியம். இந்த ஓவியத்தில் மேசையின் மேல்பரப்பு நமக்குத் தெரியவில்லை. அதன் பக்கவாட்டுக் கம்பளம்தான் தெரிகிறது. உயரத்தில் மாட்டுவதற்காக, பார்வையாளர் கீழிருந்து பார்ப்பதுபோல அமைத்த காட்சி அது. ஆனால் மேசையைக் காட்டும் அளவுக்கு முகங்களை ரெம்ப்ராண்ட் கீழிருந்து காட்டவில்லை. அதனால் கேமரா ஆளின் நெஞ்சு உயரத்தில் இருந்தால் சரியாகப் பொருந்தும். கண் உயரத்துக்கு மேலே போனால், தலை உச்சி தெரியத் தொடங்கி, மற்ற ஆறு பேரோடு ஒட்டவே ஒட்டாது. நாலைந்து மீட்டர் தள்ளி நின்று 85 அல்லது 100 மி.மீ. லென்ஸில் எடுங்கள். கைப்பேசியைப் பக்கத்தில் வைத்து எடுத்தால் மூக்கு பெரிதாகி, காதுகள் பின்னால் போய்விடும். போதாததற்கு, கைப்பேசி தன் போக்கில் நிழல்களைத் தூக்கிவிடும். நாம் சிரமப்பட்டு உருவாக்கிய ஒளி–நிழல் வித்தியாசத்தை அதுவே கரைத்துவிடும். வேறு வழியில்லாமல் கைப்பேசியில்தான் எடுக்க வேண்டும் என்றால் RAW வடிவில் எடுத்துக்கொள்வது நல்லது.

கண்ணாடி அணிந்தவர் என்பதால் ஒரு சோதனை இலவசமாகக் கிடைக்கிறது. கண்ணாடியில் தெரியும் பிரதிபலிப்பு ஒரே ஒரு ஜன்னலாக, இடப்பக்கமாக இருக்க வேண்டும். கூரைக் குழல்விளக்கின் கோடு தெரிந்தால் அந்தப் படத்தை ஒதுக்கிவிட்டு மறுபடி எடுங்கள்.

முதல் வழி: வெட்டி, ஒட்டி, நிறம் சரிசெய்வது

மிக வேகமான வழி. கை பழகியவருக்கு ஒரு மாலை நேரம் போதும். முன்னால் இருப்பவர்களின் தொப்பி விளிம்பை ஒட்டி மாஸ்க் போட்டு ஆளை அவர்களுக்குப் பின்னால் நுழைப்பது, பிறகு ஒளி அளவு, பிறகு நிறம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

ஒளி அளவை நிறத்தோடு சேர்த்துப் பார்த்தால் கண் ஏமாறும். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கறுப்பு–வெள்ளை லேயரைப் போட்டுவிட்டுப் பாருங்கள். இந்த ஓவியத்தில் அதிக வெளிச்சமான பொருள்கள் வெள்ளைக் காலர்கள்தான். நெற்றிகள் அதற்குக் கீழே. பின்வரிசையில் நிற்கும் நம் ஆளின் நெற்றி முன்வரிசைக் காலரைவிட வெளுத்துத் தெரிந்தால், கண் நேராக அவரிடம் ஓடும். `Curves`-இல் வெள்ளை முனையை, பணியாளின் நெற்றி அளவுக்குக் கீழே இறக்குங்கள். கறுப்பு முனையை மேலே ஏற்றுங்கள். நூற்றாண்டுகள் கடந்த ஓவியத்தின் கறுப்பு, புகைப்படக் கறுப்பு அளவுக்குச் சுத்தமான கறுப்பாகத் திரையில் வருவதில்லை. பிறகு படத்தை 200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிப் பார்த்து, எந்த முகம் முதலில் கண்ணில் படுகிறது என்று கவனியுங்கள். நம் ஆளுடையது என்றால் இன்னும் வேலை பாக்கி.

நிறத்தில் பெரிய தலைவலி அந்த டெனிம் சட்டை. இந்தப் படத்தில் பளிச்சென்ற நீலம் எங்கேயும் இல்லை. ரெம்ப்ராண்ட்டின் வண்ணத்தட்டில் காவி, அம்பர் வகை மண் நிறங்கள், ஈய வெள்ளை, எலும்புக் கறுப்பு, கொஞ்சம் சிவப்புகள் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். அவர் பயன்படுத்திய ஸ்மால்ட் என்ற கண்ணாடித்தூள் நீலமும் எண்ணெயில் காலப்போக்கில் சாம்பலாக மங்கிவிடும் தன்மை உடையது. அப்படியானால் டெனிமை எப்படிக் காட்டுவது? கறுப்பையும் வெள்ளையையும் மட்டும் கலந்த சாம்பல், பழுப்பும் சிவப்பும் சூழ்ந்த இடத்தில் வைக்கப்படும்போது கண்ணுக்கு நீலமாகத் தெரியும். அதனால் சட்டையின் நீலத்தை அநேகமாக முழுக்கவே உறிஞ்சி எடுத்துவிடுங்கள். தனியாகப் பார்த்தால் வெறும் சாம்பல் துணி. ஓவியத்துக்குள் வைத்தால் பழைய ஜீன்ஸ். நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போய், 'இப்போது நீலம் போய்விட்டதோ' என்று சந்தேகம் வரும் இடத்துக்கு ஒரு படி முன்னால் நிறுத்தினால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

இந்த வழியின் எல்லை என்னவென்றால், எவ்வளவு சரிசெய்தாலும் அது புகைப்படம்தான். தோலின் துளைகள், தாடி மயிரின் தனித்தனிக் கோடுகள், சட்டைத் தையல் எல்லாம் அப்படியே இருக்கும். கைப்பேசித் திரையில் இவை தெரியாது. முழு அளவில் திறந்தால், பணியாளின் முகத்தில் நாலைந்து தடங்களில் முடிந்த கன்னத்துக்குப் பக்கத்தில் துளைத்துளையாக ஒரு கன்னம் நிற்கும்.

இரண்டாம் வழி: ஃபில்டரும் ஏஐ மாடலும்

அந்தத் துளைகளை ஒழிக்கத்தான் பெரும்பாலானவர்கள் இந்தப் பக்கம் வருகிறார்கள். இதில் மூன்று வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஃபோட்டோஷாப்பின் `Oil Paint` மாதிரியான ஃபில்டர் படத்தில் இருக்கும் விளிம்புகளின் ஓட்டத்தைப் பிடித்து எங்கும் ஒரே மாதிரி வழித்துவிடும். ரெம்ப்ராண்ட் அப்படிச் செய்வதில்லை. வெளிச்சம் படும் நெற்றியிலும் மூக்கிலும் வண்ணம் தடிமனாக, குட்டையான தடங்களாக, எலும்பின் வளைவைப் பின்பற்றி நிற்கும். நிழலில் தடமே தெரியாது. நிழல் பக்கத்திலும் அதே சுருள் சுருளான கோடுகள் ஓடினால், அது ஃபில்டர் வேலை என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

இரண்டாவது, நரம்பு வலையமைப்பு மூலம் ஓவிய நடையை மாற்றும் முறை. 2015-இல் காட்டிஸ், எக்கர், பெத்கே மூவரும் வெளியிட்ட ஆய்வில் தொடங்கியது. மாதிரி ஓவியத்தின் இழையமைப்பைப் புள்ளிவிவரமாக எடுக்கும்போது எந்த இழை எங்கே இருந்தது என்ற தகவலை அது கைவிட்டுவிடுகிறது. விளைவு, சுவரில் இருக்கவேண்டிய பலகைக் கோடுகள் ஆளின் கன்னத்தில் முளைக்கும். 2018-இல் லுவான் குழுவினர், ஓவியத்துக்குள் ஒரு பொருளை ஒட்டும் நம்முடைய வேலைக்காகவே ஒரு முறையை வெளியிட்டார்கள். அது அக்கம்பக்கத்துப் பகுதிகளைப் பார்த்து இழையை எடுப்பதால் இவ்வளவு மோசமாகப் போகாது. ஆனால் அதுவும் இழையையும் நிறத்தையும்தான் ஒப்பேற்றும். தவறான பக்கத்தில் விழுந்த மூக்கு நிழலை நகர்த்தாது.

மூன்றாவது, படம் உருவாக்கும் ஏஐ மாடல்களான டிஃப்யூஷன் மாடல்களில் ஆள் இருக்கும் பகுதியை மட்டும் மாஸ்க் போட்டு மறுபடி உருவாக்கச் சொல்வது. இன்று அதிகம் பேர் செய்வது இதைத்தான். முடிவு ஒரு நிமிடத்தில் அசத்தலாகவும் வரும். இங்கே ஒரு இழுபறி உண்டு. கொடுத்த படத்தை மாடல் எவ்வளவு மாற்றலாம் என்பதைத் தீர்மானிக்கும் `denoising strength` என்ற அளவைக் குறைவாக, 0.3 பக்கம் வைத்தால் ஆளின் முகம் அப்படியே இருக்கும், புகைப்படத்தன்மையும் அப்படியே இருக்கும். 0.6-க்கு மேலே ஏற்றினால் அழகான ஓவிய முகம் வரும், ஆனால் அது நம் ஆள் இல்லை. அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர். நடுவில் ஒரு புள்ளி இருக்கிறது, ஆனால் அது ஒவ்வொரு முகத்துக்கும் வேறு. குறிப்பாகக் கண்களுக்கு இடையிலான தூரமும் மேலுதட்டின் வடிவமும்தான் முதலில் நழுவும். அந்த ஆளைத் தெரியாதவருக்கு இது ஒரு குறையே இல்லை. அவருடைய அம்மா பார்த்தால் முதல் பார்வையிலேயே கேட்டுவிடுவார்.

இன்னொரு தடயம் விரிசல்கள். பழைய எண்ணெய் வண்ணப் பரப்பில் ஓடும் மெல்லிய விரிசல் வலை, உருவங்களின் எல்லையைப் பொருட்படுத்தாது. சுவரில் தொடங்கி முகத்துக்குள் நுழைந்து வெளியே போகும். மாடல் உருவாக்கிய பகுதியில் விரிசல்கள் மாஸ்க்கின் ஓரத்தில் பட்டென்று நின்றுவிடும், அல்லது உள்ளே வேறு ஒரு வலை தன் போக்கில் சுழலும். ஒரே ஒரு விரிசலைப் பிடித்துக்கொண்டு எல்லையைத் தாண்டிப் போய்ப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

இந்த வழியை நான் முழுக்கத் தள்ளுபடி செய்ய மாட்டேன். சட்டை மடிப்பு, முடியின் வெளி ஓரம் சுவரோடு கரையும் இடம், முன்னால் இருக்கும் தொப்பியை ஒட்டிய இருட்டு என்று சாயல் பிரச்சினை இல்லாத இடங்களில் இது பல மணி நேர வேலையை மிச்சப்படுத்தும். முகத்தை மட்டும் இதனிடம் ஒப்படைக்காதீர்கள் என்பதே என் கட்சி.

மூன்றாம் வழி: புகைப்படத்தின் மேல் கையால் வரைவது

முதல் வழியில் ஒளியும் நிறமும் சரிசெய்த படத்தை அடியில் வைத்துக்கொண்டு, மேலே புது லேயரில் முகத்தை டிஜிட்டல் தூரிகையால் வரைவது. ஃபோட்டோஷாப்பின் `Mixer Brush` போதும், கிரிட்டா போன்ற இலவச மென்பொருளும் போதும். அழுத்தத்தை உணரும் பேனா–டேப்லெட் கட்டாயம் வேண்டும். மவுஸால் இதைச் செய்ய முடியாது. முகம் வரைந்து பழகிய கைக்கு இரண்டு மூன்று அமர்வுகள் ஆகும். பழகாத கைக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் வராது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

முதலில் 40 பிக்சல் தூரிகையால் முகத்தை ஐந்தாறு தட்டையான தொனிகளாகப் பிரியுங்கள்: வெளிச்ச நெற்றி, கன்னம், நடுத்தொனி, நிழல், ஆழ்நிழல். நிறங்களை மனதிலிருந்து எடுக்காமல், பணியாளின் முகத்திலிருந்து கண்சொட்டுக் கருவியால் எடுங்கள். நம் ஆளின் தோல் அவரைவிடக் கறுப்பாக இருந்தாலும் இதே முறைதான். நிழல் நிறத்தை அங்கிருந்தே எடுக்கலாம். நடுத்தொனிக்குப் படத்தின் செம்பழுப்புகளிலிருந்தும் மர நிறங்களிலிருந்தும் எடுங்கள். கறுத்த தோலில் நெற்றியின் பளபளப்பு கூர்மையாகவும் சற்றுக் குளிர்ச்சியாகவும் இருக்கும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். அதைச் சாம்பலாகப் பூசினால் போதும், வெள்ளை வேண்டாம்.

அடுத்து 10 பிக்சல் அளவில் வெளிச்சப் பகுதிகளுக்கு மட்டும் தடங்கள். நெற்றியில் தடங்கள் குறுக்காக வளைந்து போகும், மூக்குத் தண்டில் மேலிருந்து கீழே, கன்ன எலும்பில் சாய்வாக. நிழலுக்குள் இந்தத் தூரிகை நுழையவே கூடாது. நாலு பிக்சலுக்குக் கீழே எதுவும் வேண்டாம். இமை மயிரை வரையத் தோன்றும். பணியாளின் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தால், அங்கே இமை மயிர் கிடையாது, ஒரு கருந்தடம் மட்டும்தான் என்பது தெரியும். நம் ஆளின் கண்ணாடியையும் அப்படியே செய்யுங்கள். பிரேமின் முழு வட்டத்தையும் கோடு போட்டு வரையாமல், வெளிச்சப் பக்கத்தில் ஒரு சின்ன ஒளிப்புள்ளி, மேல் ஓரத்தில் ஒரு கருங்கோடு; நிழல் பக்கத்தில் அது கரைந்து காணாமல் போகட்டும். தலையின் வெளிக்கோட்டுக்கும் இதுவே விதி. இடப்பக்கம் தெளிவாக, வலப்பக்கம் சுவர் இருட்டோடு கலந்து.

இங்கே பெரும்பாலும் யாரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. இந்தக் கோப்பில் இருப்பது ஒரு வெளிச்சம் இல்லை, இரண்டு. ஒன்று, ரெம்ப்ராண்ட் வரைந்த இடப்பக்க ஜன்னல் வெளிச்சம். மற்றொன்று, அருங்காட்சியகத்தில் அந்தக் கேன்வாஸைப் படம் எடுத்தபோது அதன்மேல் விழுந்த விளக்கு வெளிச்சம். தடித்த வண்ண மேடுகளின் விளிம்பில் சின்னச் சின்னப் பளபளப்பாகத் தெரிவது இந்த இரண்டாவது வெளிச்சம்தான். நாம் வரைந்த தடங்களுக்கு மேடு காட்ட `Bevel & Emboss` மாதிரி எதையாவது போடும்போது, அதன் கோணத்தை முகத்தின் ஒளியைப் பார்த்து வைத்தால் தவறாகிவிடும். மேசைக் கம்பளத்தின் தடித்த தடங்களைப் பெரிதாக்கி, பளபளப்பு மேட்டின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, அதே கோணத்தை வையுங்கள். பெரும்பாலும் படப்பிடிப்பு விளக்கைச் சமமாக வைத்திருப்பார்கள் என்பதால் மேடு மிக லேசாகத்தான் தெரிய வேண்டும். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தால் அது ஏற்கெனவே அதிகம்.

கடைசியாக விரிசலும் கேன்வாஸ் இழையும். அருகிலிருக்கும் வெற்றுச் சுவர்ப் பகுதியை நகலெடுத்து, `High Pass`-ஐ 2 அல்லது 3 பிக்சல் ஆரத்தில் கொடுத்து, `Overlay` முறையில் ஆளின் மேல் பரப்பினால் சுவரின் இழை அவர் மேல் ஏறும். உருவம் உள்ள பகுதியிலிருந்து எடுக்காதீர்கள். அதன் விளிம்புகளும் சேர்ந்து வந்துவிடும். ஆளின் ஓரத்தில் வந்து முடியும் சில விரிசல்களை மட்டும் கையால் உள்ளே நீட்டிவிடுங்கள். நாலைந்து போதும்.

அப்புறம் அவருடைய நிழல். நம் ஆள் சுவரை ஒட்டி நிற்கிறார், வெளிச்சம் இடமிருந்து வருகிறது. ஆகவே அவருக்கு வலப்புறம் சுவரில் ஒரு மென்மையான கருமை வேண்டும். பணியாளுக்குப் பின்னால் சுவர் எவ்வளவு இருள்கிறதோ அவ்வளவுதான், அதற்கு மேல் வேண்டாம். இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் ஆள் மிதப்பார்.

நான்காம் வழி: நிஜ எண்ணெய் வண்ணம்

ஒரு சின்னப் பலகையில் பழுப்பு அடித்தளம் பூசி, தலையையும் தோளையும் மட்டும் எண்ணெய் வண்ணத்தில் வரைந்து, உலர்ந்ததும் படம் எடுத்து உள்ளே சேர்ப்பது. தூரிகைத் தடத்தைப் பொறுத்தவரை இதை எதுவும் மிஞ்சாது, ஏனென்றால் அது போலி செய்யப்படவில்லை. தலையை நிஜ அளவிலேயே வரைய வேண்டும். பாதி அளவில் வரைந்து பெரிதாக்கினால் தூரிகை முடியின் கோடுகளும் இரட்டிப்பாகி, பக்கத்து முகத்தோடு ஒத்துப்போகாது.

சிக்கல்கள் வேறு வகை. தடித்த வண்ணம் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே நாள்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில் ஆகும். ஈய வெள்ளை நச்சுப்பொருள் என்பதால் பெரும்பாலோர் டைட்டானியம் வெள்ளையைப் பயன்படுத்துவார்கள். அது ஈய வெள்ளையைவிடக் குளிர்ச்சியாகவும் அதிகம் மறைக்கும் தன்மையோடும் இருப்பதால், கொஞ்சம் மஞ்சள் காவி சேர்க்காவிட்டால் தோல் சுண்ணாம்பு பூசியதுபோல வரும். படம் எடுக்கும்போது அந்த இரண்டாவது வெளிச்சப் பிரச்சினை மறுபடி வரும். பலகையின் மேல் விழும் விளக்கு, அருங்காட்சியகப் படத்தில் இருப்பது போலச் சமமாக விழ வேண்டும். எண்ணெய் வண்ணம் தெரிந்தவர், அவசரம் இல்லை, பெரிய அச்சு வேண்டும் என்ற மூன்றும் சேர்ந்தால் தவிர இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எதை எடுப்பது

திரையில் மட்டும் பார்க்கப்போகும் படத்துக்கு முதல் வழியே போதும், அதிலும் நேரத்தில் பெரும்பகுதியைப் புகைப்படம் எடுப்பதிலேயே செலவிடுங்கள். தோல் துளைகள் உறுத்தினால் முகத்தை லேசாக மழுக்கிவிட்டு, அதன் மேல் சுவர் இழையைப் பரப்பினால் போதும். அச்சுக்குப் போகும் படம் என்றால், கை ஓடுபவருக்கு மூன்றாம் வழிதான். சட்டைக்கும் ஓரங்களுக்கும் ஏஐ மாடலின் உதவியை எடுத்துக்கொண்டு, முகத்தைக் கையால் வரையலாம். வரையத் தெரியாதவர் பெரிய அச்சு வேண்டும் என்று நின்றால், இரண்டாம் வழியில் `denoising strength`-ஐக் குறைவாக வைத்து முகத்தைக் காப்பாற்றிக்கொண்டு, அச்சின் அகலத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்வது நல்லது. அரை மீட்டர் அச்சில் அந்த 10 பிக்சல் தடம் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும்; குறைகள் அநேகமாக அங்கேயே மறைந்துவிடும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் முழுப் படத்தையும் அடிக்க வேண்டாம். நம் ஆளின் முகமும் பணியாளின் முகமும் சேர்ந்து வரும் ஒரு பட்டையை மட்டும் நிஜ அளவில் அடித்துப் பாருங்கள். காகிதத்தில் இருட்டுப் பகுதிகள் திரையில் தெரிந்ததைவிட அடைத்துக்கொள்ளும், நிழல் பக்கத்தில் கரையவிட்ட அந்தக் கண்ணாடிப் பிரேம் மொத்தமாகக் காணாமல் போயிருக்கலாம். அப்படியானால் நம் ஆளை மட்டும் தூக்காமல், படம் முழுவதற்கும் சேர்த்து நிழல்களை ஒரு படி ஏற்றுங்கள்.